ஐந்து ஆண்டுகளில் ஒரு லிட்டர் குடிநீரின் விலை

சோழிங்கநல்லூரில் குடியிருக்கும் என் தங்கை சென்ற பொங்கலுக்கு வீட்டிற்கு வந்திருந்தபோது, எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கும் ஆர்.ஓ. மெஷினைப் பார்த்து, "அக்கா, இதே மாடலை நாங்களும் வாங்கலாம் என்று இருக்கிறோம், மொத்தமாக என்ன செலவாகும்?" என்று கேட்டாள். 15,500 ரூபாய் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அது கடைக்காரர் வாங்கிக்கொண்ட தொகை மட்டுமே. மேடவாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் 2020 ஜனவரியில் மாட்டிய அந்த மெஷினுக்கு 2024 டிசம்பர் வரை கொடுத்த ஒவ்வொரு ரசீதும் ஒரு கவரில் இருக்கிறது. அவற்றை எடுத்து வைத்து, ரசீதே இல்லாத இரண்டு செலவுகளான மின்சாரத்தையும் கழிவு நீரையும் அளந்து சேர்த்து, ஒரு லிட்டர் என்ன விலைக்கு எங்கள் சொம்பில் விழுகிறது என்று அன்று மாலை கணக்கிட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சூழ்நிலையைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கணக்கின் பாதி அதிலேயே அடங்கியிருக்கிறது. நான்கு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஐந்து பேர் வசிக்கிறோம். போர் தண்ணீரைத்தான் ஆண்டின் பெரும்பகுதி பயன்படுத்துகிறோம்; ஏப்ரல் முதல் ஜூலை வரை போர் இறங்கிவிடுவதால் சங்கம் லாரித் தண்ணீர் வாங்குகிறது. குழாயில் வரும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 900 மில்லிகிராமுக்கும் 950-க்கும் இடையில் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஏற்கத்தக்க அளவாகக் குறிப்பிடுவது 500. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆகவே எங்கள் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவை என்ற முடிவில் எனக்குத் தயக்கமில்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்குமாக நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்கிறோம் என்பதை ஒரு வாரம் முழுவதும் 5 லிட்டர் எவர்சில்வர் பானையால் அளந்தேன். சராசரியாக 15 லிட்டர் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு அது 27,375 லிட்டர். இனி வரும் எல்லாச் செலவையும் வகுக்கப்போகும் எண் இதுதான்.

வாங்கிய அன்றைய செலவு 15,500 ரூபாயோடு முடியவில்லை. மெஷினுக்கு முன்னால் சுவரில் தனியாக மாட்டும், மண்ணை வடிக்கும் கேண்டிலின் கூடு, குழாயிலிருந்து கிளை எடுக்கும் வால்வு, ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு 1,200 ரூபாய் ஆனது. ஆக மொத்தம் 16,700.

அதன் பிறகுதான் பராமரிப்பு தொடங்குகிறது. முதல் ஆண்டு வாரண்டியில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் வாரண்டி என்பது மின்சாரப் பாகங்களுக்கும் உடைந்துபோகும் பாகங்களுக்கும்தானே தவிர, தேய்ந்துபோகும் ஃபில்டர்களுக்கு அல்ல என்பதை செப்டம்பரில் 1,350 ரூபாய் கொடுத்தபோதுதான் கவனித்தோம். வண்டல் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரும் குளோரின் பிடிக்கும் கார்பன் ஃபில்டரும் சேர்ந்த செட்டின் விலை அது. வெளியே இருக்கும் கேண்டிலை மூன்று மாதத்திற்கு ஒருமுறை 150 ரூபாய்க்கு நானே வாங்கி மாற்றிக்கொள்கிறேன், ஆண்டுக்கு 600. முதல் ஆண்டின் பராமரிப்பு இப்படி 1,950 ஆனது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தோம். 2021-இல் 4,900 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 5,782. 2022-இல் அது 5,400 ஆக உயர்ந்து, வரியோடு 6,372. வெளிக் கேண்டில் அந்த ஒப்பந்தத்தில் சேராது என்பதால் இரண்டு ஆண்டும் 600 தனி. நான்காம் ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், தேவைப்படும்போது ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறினோம்: ஃபில்டர் செட் 1,400, உப்பை வடிகட்டித் தடுக்கும் மெம்பரேன் 2,200, வந்து போகும் கூலி 400, கேண்டில் 600 என்று 4,600. ஐந்தாம் ஆண்டு ஃபில்டர் செட் 1,400, சோலனாய்டு வால்வு 450, கடைசியில் இருக்கும் சிறிய கார்பன் 350, இரண்டு முறை வந்த கூலி 800, கேண்டில் 600 என்று 3,600. ஐந்து ஆண்டுகளின் பராமரிப்பைக் கூட்டினால் 23,504 ரூபாய். மெஷினை வாங்கக் கொடுத்ததைவிட அதை ஓட வைக்கக் கொடுத்தது அதிகம்.

ஏ.எம்.சி. இரண்டு ஆண்டுகளுக்கு 12,154 ரூபாய் ஆனதையும், ஒப்பந்தமில்லாத இரண்டு ஆண்டுகளில் மெம்பரேனையும் சேர்த்தே 7,000 ரூபாய் ஆனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தங்கை, "அப்படியானால் ஏ.எம்.சி.யே வேண்டாம் அல்லவா?" என்றாள். அவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிட முடியாது. ஒப்பந்தம் இருந்த இரண்டு ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஒரு ஃபில்டர் செட் மட்டுமே. மெம்பரேன் ஒப்பந்தத்தில் அடங்கியிருந்தும் அதை மாற்றும் தேவை அந்தக் காலத்தில் வரவில்லை. ஆனால் ஒப்பந்தமில்லாத ஆண்டுகளில் பம்ப்பும் அடாப்டரும் போயிருந்தால் நான் விசாரித்த விலைகளின்படி இன்னும் 2,850 ரூபாய் ஆகியிருக்கும். அப்போதும் 2,300 ரூபாய் மிஞ்சியிருக்கும் என்றாலும், இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கும். ஏ.எம்.சி. என்பது ஒரு வகைக் காப்பீடு; அதை எடுப்பவர்கள், அந்தத் தொகைக்குள் எத்தனை ஃபில்டர் செட், மெம்பரேன் உண்டா, மின்சாரப் பாகம் உண்டா, வரி சேர்ந்ததா என்று நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலை ரசீதின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாயால் சொல்லும் "எல்லாம் சேர்த்து" என்பதில் எதெல்லாம் சேரும் என்பது வருகிற ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பராமரிப்புச் செலவில் நம் கையில் இருக்கும் பெரிய உருப்படி மெம்பரேன். அதை நாட்காட்டி பார்த்து மாற்றக் கூடாது, அளந்து பார்த்து மாற்ற வேண்டும் என்பதை 2023 தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தெரிந்துகொண்டேன். ஃபில்டர் மாற்ற வந்தவர் சுத்தமான தண்ணீர்க் குழாயில் டி.டி.எஸ். மீட்டரை நனைத்து, "160 காட்டுகிறது மேடம், முன்பு 80-தான் இருந்தது, மெம்பரேன் போய்விட்டது, 3,500 ஆகும்" என்றார். அவர் காட்டிய எண் உண்மைதான். ஆனால் அது மெம்பரேனுடைய எண் அல்ல. எங்கள் மெஷினில் டி.டி.எஸ். அட்ஜஸ்டர் என்ற சிறிய திருகு ஒன்று இருக்கிறது. மெம்பரேன் வழியாக வந்த தண்ணீரில் உப்பு மிகக் குறைந்து சப்பென்று ஆகிவிடாமலிருக்க, மெம்பரேனைத் தொடாமல் வரும் தண்ணீரில் சிறிது கலந்துவிடும் வழி அது. அந்தத் திருகு முந்தைய சர்வீசில் சற்றுத் திறந்து விடப்பட்டிருந்தது. அதை முழுவதும் மூடச் சொல்லி, அரைமணி நேரம் ஓடவிட்டு, தொட்டியை ஒருமுறை காலி செய்துவிட்டு மறுபடி அளந்தபோது, உள்ளே போகும் தண்ணீர் 950, வெளியே வருவது 75 என்று வந்தது. 950-இல் 875-ஐ நிறுத்தியிருக்கிறது என்றால் 92 சதவீத உப்பை மெம்பரேன் தடுக்கிறது என்று பொருள். புது மெம்பரேனே ஏறக்குறைய இந்த அளவில்தான் வேலை செய்யும். திருகைப் பழையபடி சிறிது திறந்து வைத்துவிட்டு அவரை ஃபில்டர் மட்டும் மாற்றச் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை திருகை மூடி இதே முறையில் அளந்து எழுதி வைத்தேன். பத்து மாதம் கழித்து உள்ளே 920, வெளியே 210 என்று ஆனது. தடுப்பு 77 சதவீதத்திற்கு இறங்கியிருந்தது. 80-க்குக் கீழே போனால் மாற்றுவது என்று வைத்திருந்தேன், மாற்றினேன். வெளியே வரும் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: மழைக்காலத்தில் போர் நீரின் உப்பு குறையும்போது தேய்ந்த மெம்பரேனும் நல்ல எண்ணைக் காட்டும், லாரித் தண்ணீர் அதிக உப்போடு வரும் வாரத்தில் நல்ல மெம்பரேனும் உயர்ந்த எண்ணைக் காட்டும். ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு எண்களின் விகிதமே பேசும். மெம்பரேனின் ஆயுளை உண்மையில் தீர்மானிப்பவை அதற்கு முன்னால் இருக்கும் மலிவான பாகங்கள்தாம். கார்பன் ஃபில்டர் தீர்ந்துபோய்க் குளோரின் உள்ளே போனால் மெம்பரேனின் மேல்தோல் அரித்துப்போகும். குளோரின் கலந்த மெட்ரோ வாட்டர் வரும் வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 150 ரூபாய்க் கேண்டிலை லாரித் தண்ணீர் வரும் மாதங்களில் இரண்டு மாதத்திற்குள்ளேயே மாற்ற வேண்டியிருக்கிறது. செங்கல் நிறத்துக்குப் போய்விடுகிறது. மழை மாதங்களில் நான்கு மாதம் தாங்குவதால் ஆண்டுக்கு நான்கு என்ற கணக்கு நேராகிவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றி வீட்டில் அனைவருக்கும் பெரிய அச்சம் இருந்தது. என் மாமியார் தொட்டி நிறைந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவார். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, மெஷின் தண்ணீர் எடுக்கும்போது சுமார் 40 வாட், சும்மா இருக்கும்போது 3 வாட் என்று காட்டியது. 15 லிட்டர் எடுக்க ஏறக்குறைய 2 மணி நேரம் ஓடுகிறது. ஆக நாளுக்கு ஓடுவதற்கு 80 வாட்-மணி, சும்மா இருப்பதற்கு 66 வாட்-மணி. ஆண்டுக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 53 யூனிட். இதை எந்த விலையால் பெருக்குவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் மின் கட்டணத்தில் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக விலை ஏறுகிறது. மெஷினை நிறுத்தினால் குறையப்போவது மேல்படியில் இருக்கும் யூனிட்டுகள்தாம். ஆகவே பில்லின் சராசரியை எடுக்காமல் கடைசி யூனிட் விழும் படியின் விலையை எடுக்க வேண்டும். எங்களுக்கு அது 401 முதல் 500 வரையிலான படி, 2024-இல் 6 ரூபாய் 45 காசு. ஆண்டுக்கு 344 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 1,720. சுவிட்சை அணைப்பதால் மிச்சமாவது ஆண்டுக்கு அதிகம் போனால் 155 ரூபாய். மாமியார் செய்வது வீண் அல்ல, ஆனால் பணம் போகும் வாசல் அது அல்ல.

இனிக் கழிவு நீர். நான் மிகத் தாமதமாகவே கவனித்தேன் என்பதால் இதை விரிவாக எழுத வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தொட்டி நிறைந்து மெஷின் தானாக நின்ற பிறகு, கழிவுக் குழாயின் முனையை ஒரு 20 லிட்டர் கேனுக்குள் விட்டுவிட்டு, குடிநீர்க் குழாயிலிருந்து சரியாக 5 லிட்டர் எடுத்தேன். மெஷின் ஓடத் தொடங்கி, தொட்டியை மறுபடி நிறைத்து நின்றபோது கேனில் 16 லிட்டர் இருந்தது. ஒரு லிட்டர் குடிக்க 3.2 லிட்டர் வெளியே போகிறது. உள்ளே வரும் தண்ணீரில் கால் பங்குகூட நமக்குக் கிடைப்பதில்லை. டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டே இதைச் சரிபார்க்கலாம். 4.2 லிட்டரில் இருந்த உப்பில் மிகச் சிறு பகுதியைத் தவிர மற்றதெல்லாம் அந்த 3.2 லிட்டரில் சேர்ந்தாக வேண்டும். 950 உள்ளே போனால் கழிவில் 1,220 அளவில் வர வேண்டும், எனக்கு அதை ஒட்டியே வந்தது.

நாளுக்கு 48 லிட்டர், ஆண்டுக்கு 17,520 லிட்டர், ஐந்து ஆண்டுக்கு 87,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல். இந்த எண்ணைக் கேட்டதும் தங்கை அதிர்ந்துவிட்டாள். ஆனால் எத்தனை லிட்டர் என்பதும் எத்தனை ரூபாய் என்பதும் ஒன்றல்ல. போர் தண்ணீர் போதுமான அளவு இருக்கும் மாதங்களில், கழிவில் போகும் ஒவ்வொரு 1,000 லிட்டருக்கும் மோட்டார் ஓடும் மின்சாரம்தான் செலவு. எங்கள் குடியிருப்பில் அது 3 ரூபாய் அளவில் வருகிறது. லாரி வாங்கும் நான்கு மாதங்களில் கதை மாறுகிறது. அப்போது 12,000 லிட்டருக்குச் சராசரியாக 1,800 ரூபாய் கொடுத்தோம், லிட்டர் 15 காசு. நாங்கள் வீணாக்கும் ஒவ்வொரு லிட்டரும் லாரியில் வந்த லிட்டர்தான், ஏனென்றால் போரில் கிடைப்பது எப்படியும் தீர்ந்துவிடும், குறைவதைத்தான் லாரி நிரப்புகிறது. ஆகவே நான்கு மாதத்துக் கழிவான 5,840 லிட்டருக்கு 876 ரூபாய், மற்ற எட்டு மாதத்துக்கு 35 ரூபாய், மொத்தம் ஆண்டுக்கு சுமார் 910. ஐந்து ஆண்டுக்கு 4,550 ரூபாய். மின்சாரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். இது எந்தப் பில்லிலும் தனியாக வருவதில்லை. சங்கத்தின் மாதப் பராமரிப்புத் தொகைக்குள் எல்லார் தலையிலும் பரவிக் கிடக்கிறது.

தங்கையின் குடியிருப்பில் ஆண்டு முழுவதும் லாரித் தண்ணீர். அதே மெஷின், அதே 15 லிட்டர், அதே 48 லிட்டர் கழிவு என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு ஆண்டுக்கு 2,628 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 13,140 ஆகிறது. மெஷினின் விலையை நெருங்கும் தொகை அது.

இந்தக் கழிவைக் குறைக்க முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே வருகிறது. கழிவுக் குழாயில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்ற சிறு அடைப்பானை இன்னும் இறுக்கமானதாக மாற்றினால் கழிவு குறையும். மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் தண்ணீருக்கு அதை நான் செய்யவில்லை. பாதித் தண்ணீரைக் குடிநீராக எடுத்தால் மீதிப் பாதியில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடினத்தன்மை உள்ள போர் நீரில் அந்தச் செறிவில் சுண்ணாம்பு மெம்பரேனின் மேல் வெள்ளைப் படலமாகப் படியத் தொடங்கும். இட்லிப் பானையின் அடியில் படிகிறதே, அதேதான். கழிவில் ஆண்டுக்கு மிச்சம் பிடிக்கும் 600 சொச்சம் ரூபாய்க்காக 2,200 ரூபாய் மெம்பரேனை ஓராண்டு முன்னதாகத் தூக்கிப்போட நேரும். 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 500-க்குக் குறைவான டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் 60 சதவீதத் தண்ணீரை மீட்கும்படியாகக் கருவிகள் இருக்க வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவிட்டது. அந்த அளவு மீட்பைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட மெஷினை வாங்குவது வேறு. பழைய மெஷினின் அடைப்பானை மட்டும் இறுக்குவது வேறு.

அளவான கழிவைவிட என்னை அதிகம் வருத்தியது, அளவே இல்லாமல் போன கழிவு. 2024 மே மாதம் ஓரிரவு சமையலறை சிங்கில் நீர் விழும் ஓசை கேட்டு எழுந்து பார்த்தேன். மெஷின் நின்றிருந்தது, தொட்டி நிறைந்திருந்தது, கழிவுக் குழாயில் மட்டும் மெல்லிய கம்பிபோல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மெஷின் நிற்கும்போது உள்ளே வரும் தண்ணீரை அடைக்க வேண்டிய சோலனாய்டு வால்வில் மண் சிக்கி முழுதாக மூடாமல் இருந்தது. மாடித் தொட்டியின் அழுத்தத்திலேயே நீர் மெம்பரேனைத் தடவிக்கொண்டு வெளியேறியது. ஒரு லிட்டர் சொம்பு 12 நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 5 லிட்டர் என்றால், மெஷின் சும்மா இருக்கும் 22 மணி நேரத்தில் 110 லிட்டர். வழக்கமான கழிவைவிட இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் லாரி வாங்கும் பருவத்தில். எப்போது தொடங்கியது என்பதைக் கடைசியாக ஆள் வந்த தேதியிலிருந்து கணக்கிட்டு, குறைந்தது 60 நாள் என்று வைத்தேன். 6,600 லிட்டர், 990 ரூபாய். அரை லாரிக்கு மேல். மேடவாக்கத்தில் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற 2019 கோடையைப் பார்த்தவள் நான். அந்த அரை லாரியை நினைத்தால் இன்னும் மனம் சமாதானமாவதில்லை. அதன்பின் வாரம் ஒருமுறை, மெஷின் நின்று பத்து நிமிடம் கழித்துக் கழிவுக் குழாயின் முனை வறண்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாமியார் சுவிட்சை அணைப்பது இதைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல வால்வு மின்சாரம் இல்லாதபோது தானே மூடிக்கொள்ளும், பழுதான வால்வு எப்படியும் ஒழுகும். மெஷினுக்கு வரும் கிளைக் குழாயின் வால்வை மூடினால் மட்டுமே நிற்கும்.

இப்போது கூட்டலாம். வாங்கியது 16,700, பராமரிப்பு 23,504, மின்சாரம் 1,720, கழிவு நீர் 4,550, வால்வு ஒழுகியது 990. மொத்தம் 47,464 ரூபாய். 27,375 லிட்டரால் வகுத்தால் லிட்டர் ஒன்றுக்கு 1 ரூபாய் 73 காசு. தங்கையின் வீட்டிற்கு ஒழுகல் இல்லாமலேயே 55,064 ரூபாய், லிட்டர் 2 ரூபாய் 1 காசு. எங்கள் தெருவில் 20 லிட்டர் கேன் மாடிக்குக் கொண்டுவந்து வைக்க 40 ரூபாய், அதாவது லிட்டர் 2 ரூபாய். ஐந்தாண்டுக் கணக்கில் தங்கைக்கு மெஷினும் கேனும் ஒரே விலை.

கேனோடு ஒப்பிடும்போது மெஷினுக்குச் சாதகமானது அதன் ஆறாம் ஆண்டு. வாங்கிய விலை முழுவதும் முதல் ஐந்து ஆண்டுகளில் கழிந்துவிட்டதால், இனி ஆண்டுக்குப் பராமரிப்பு 4,000 என்று தாராளமாக வைத்தாலும், மின்சாரமும் கழிவும் சேர்த்து 5,254 ரூபாய்தான். லிட்டர் 96 காசு. இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினால் ஏழாண்டுச் சராசரி 1 ரூபாய் 51 காசுக்கு இறங்குகிறது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஐந்தாம் ஆண்டு முடிவில் எனக்கு அழைப்பு வந்தபோது மறுத்ததற்கு இதுவே காரணம். மெஷினின் உடலும் தொட்டியும் நன்றாக இருக்கின்றன. தேய்பவை அனைத்தும் கடையில் தனியாகக் கிடைக்கின்றன.

குடும்பம் சிறியதாக இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. மயிலாப்பூரில் தனியாக இருக்கும் என் பெற்றோர் நாளுக்கு 5 லிட்டர்தான் எடுப்பார்கள். வாங்கும் விலை குறையாது, ஃபில்டர் செட்டும் ஏறக்குறைய அதே இடைவெளியில்தான் மாற்றப்படும், மின்சாரத்தில் சும்மா இருக்கும் பங்கு அப்படியே இருக்கும். மூன்றில் ஒன்றாகக் குறைவது கழிவும், மெஷின் ஓடும் நேரத்து மின்சாரமும் மட்டுமே. எங்கள் செலவுகளையே வைத்துப் பார்த்தால் அவர்களுக்கு லிட்டர் 4 ரூபாய் 70 காசு விழும். அதுவும் அவர்கள் வீட்டு மெட்ரோ வாட்டரில் என் மீட்டர் 310 காட்டியது, ஆர்.ஓ. நீக்க வேண்டிய உப்பே அங்கு இல்லை. அப்பா ஆர்.ஓ. வாங்கத்தான் ஆசைப்பட்டார். கழிவே விடாத யு.வி. கருவி போதும் என்று மீட்டரைக் காட்டிச் சொல்லி, அதையே மாட்டிக் கொடுத்தேன்.

தங்கை கடைசியில் மெஷினையே வாங்கினாள். லிட்டர் 2 ரூபாய் என்ற எண்ணைக் குறைக்க அவளிடம் இருந்த ஒரே பெரிய வழி கழிவு நீர்தான் என்பதால், மெஷினைச் சமையலறைக்கு வெளியே துணி துவைக்கும் இடத்தில் மாட்டி, கழிவுக் குழாயை நீட்டி 50 லிட்டர் டிரம் ஒன்றில் விட்டிருக்கிறாள். அதில் நாளுக்கு 30 லிட்டர் கழிவறைக்கும் தரை துடைப்பதற்கும் போகிறது. வேறு எப்படியும் செலவாகியிருக்கும் லாரித் தண்ணீருக்குப் பதிலாகப் போகும் லிட்டர்களை மட்டுமே மிச்சமாக எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தேன். டிரம் வழிந்து ஓடும் நாட்களை அவள் சேர்க்கவில்லை. செடிகளுக்கு ஊற்ற வேண்டாம் என்றும் சொன்னேன், 1,200 டி.டி.எஸ். தண்ணீர் தொட்டி மண்ணில் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும், என் கறிவேப்பிலை அப்படித்தான் இலை ஓரம் கருகிப் போனது. 30 லிட்டர் என்பது ஆண்டுக்கு 1,640 ரூபாய், குடிக்கும் லிட்டர் ஒன்றுக்கு 30 காசு. அவளுடைய விலை 1 ரூபாய் 71 காசுக்கு வந்து நிற்கிறது, என்னுடையதைவிட 2 காசு குறைவு.